டிரைவில் ஏற்றும் முன் ஒரு பூட்டு

ஸ்கேன் செய்த வங்கி ஸ்டேட்மென்ட்டின் முதல் பக்கத் தலைப்பிலேயே கணக்கு வைத்திருப்பவரின் முழுப் பெயர், வீட்டு முகவரி, வாடிக்கையாளர் எண், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு எல்லாம் வரிசையாக வந்துவிடும். அதற்குக் கீழே வரும் வரிகள் இன்னும் அந்தரங்கமானவை. சம்பளம் எந்தத் தேதியில் எவ்வளவு விழுகிறது, வீட்டுக்கடன் தவணை எவ்வளவு, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், எந்த மருத்துவமனைக்குப் பணம் போயிருக்கிறது, மாதம் தவறாமல் யாருக்குப் பணம் அனுப்பப்படுகிறது என்று ஒரு குடும்பத்தின் நடப்பு முழுவதையும் அதில் படித்துவிடலாம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுபவர்களுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. "போன அஞ்சாம் தேதி உங்க தவணை போயிருக்கு, சார்" என்று தொகையோடு சேர்த்துச் சொல்லும் குரலை நம்பாமல் இருப்பது கடினம்.

இத்தகைய கோப்புகளை கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிடத்தில் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கணினி பழுதானாலும், வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் அங்கே ஒரு பிரதி இருக்கும் என்பது நியாயமான காரணம்தான். அந்த நிறுவனங்களும் தம்மிடம் வரும் கோப்புகளை மறையாக்கம் செய்துதான் வைக்கின்றன. ஆனால் அந்த மறையாக்கத்தின் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. கணக்குக்குள் நுழைந்துவிட்டவருக்கு எல்லாம் திறந்தே கிடக்கும். கூடவே இன்னொரு வசதியும் உண்டு. டிரைவின் தேடல், ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பிலும் படத்திலும் உள்ள எழுத்துகளையும் படித்து வைத்துக்கொள்கிறது. தேடல் பெட்டியில் `IFSC` என்று தட்டினால் போதும், பல ஆண்டு ஸ்டேட்மென்ட்டுகள் வரிசையில் வந்து நிற்கும். பிரவுசிங் சென்டர் கணினியில் வெளியேற மறந்த கணக்கு, திரைப்பூட்டு போடாத கைப்பேசி, அவசரத்தில் 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று பகிர்ந்துவிட்ட ஃபோல்டர் ஆகிய மூன்றின் முன்னும் நிறுவனத்தின் மறையாக்கம் பயன்படாது. கோப்பு வீட்டுக் கணினியை விட்டு வெளியே போவதற்கு முன்பே, வைத்திருப்பவர் கையில் மட்டும் சாவி இருக்கும்படி பூட்டிவிட்டால்தான் அந்த ஓட்டை அடைபடும்.

அதற்கு எளிய வழி, எல்லா ஸ்கேன்களையும் ஒரே தொகுப்புக் கோப்பாகச் சுருட்டி அதற்குக் கடவுச்சொல் இடுவது. பொதுவாக இதை 'ஜிப் பண்ணிப் பாஸ்வேர்ட் போடுவது' என்பார்கள். கடவுச்சொல் இட்ட தொகுப்புகள் எல்லாம் ஒரே உறுதி கொண்டவை என்று நினைத்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இரண்டு வெவ்வேறு பூட்டுகள் உண்டு. ஒன்று பழையது, உடைந்தது. மற்றொன்று இன்றுவரை நிற்பது.

ஜிப் வடிவம் 1989-இல் ஃபில் காட்ஸின் பி.கே.வேர் நிறுவனத்திலிருந்து வந்தது. அதோடு பிறந்த மறையாக்கத்துக்கு இன்று நிரல்களில் காணப்படும் பெயர் `ZipCrypto`. 1994-இல் எலி பிஹாமும் பால் கோச்சரும் அதை எப்படி உடைக்கலாம் என்று ஆய்வுக்கட்டுரையாகவே வெளியிட்டுவிட்டார்கள். அந்த முறைக்குக் கடவுச்சொல்லை ஊகிக்கவே வேண்டாம். பூட்டிய கோப்புகளில் ஏதாவது ஒன்றின் சிறு பகுதி, பூட்டுவதற்கு முன் எப்படி இருந்தது என்று தெரிந்தால் போதும். பூட்டின் உட்சாவிகளைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். இன்று இலவசமாகக் கிடைக்கும் நிரல்களுக்கு வெறும் 12 பைட் தெரிந்தால் போதுமானது.

12 பைட் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில், ஸ்கேன் ஃபோல்டர்களிலேயே இருக்கிறது. ஒருவர் தம்முடைய ஸ்டேட்மென்ட்டுகளோடு, வங்கியின் இணையதளத்திலிருந்து இறக்கிய வெற்று விண்ணப்பப் படிவம் ஒன்றையும் அதே ஃபோல்டரில் போட்டு ஜிப் செய்கிறார் என்று கொள்ளலாம். அந்தப் படிவம் எல்லாருக்கும் கிடைப்பது. பூட்டை உடைக்க நினைப்பவர் அதே படிவத்தை இறக்கி, அதே விதத்தில் சுருக்கி, பூட்டிய பிரதியோடு ஒப்பிடுவார். உட்சாவிகள் கிடைத்ததும் படிவம் மட்டுமல்ல, அதே கடவுச்சொல்லால் பூட்டிய ஸ்டேட்மென்ட்டுகள் எல்லாமே திறந்துவிடும். கடவுச்சொல் நாற்பது எழுத்து நீளமாக இருந்தாலும் இதுதான் கதி. படிவம்கூடத் தேவையில்லாத நேரமும் உண்டு. பி.என்.ஜி. வகைப் படம் எதுவானாலும் அதன் முதல் 16 பைட்டுகள் மாறாதவை. அத்தகைய படம் சுருக்கப்படாமல் அப்படியே ஜிப்பில் அடைக்கப்பட்டிருந்தால், தேவையான 12 பைட்டைக் கோப்பே கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது பூட்டு ஏ.ஈ.எஸ். என்னும் தரநிலையில் அமைந்தது. திரையில் `AES-256` என்று காணப்படும். வின்ஜிப் நிறுவனம் 2003-இல் இதை ஜிப் வடிவத்துக்குள் கொண்டுவந்தது. இதை முறையாகப் பயன்படுத்திய தொகுப்பை உடைக்க, கடவுச்சொல்லை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்ப்பதைத் தவிர இதுவரை வேறு வழி இல்லை. ஆனால் ஜிப்பில் ஏ.ஈ.எஸ். போட்டாலும் ஒரு குறை மிச்சமிருக்கும்: கோப்புகளின் உள்ளடக்கம்தான் பூட்டப்படுகிறது, பெயர்கள் பூட்டப்படுவதில்லை. தொகுப்பை எந்த நிரலில் திறந்தாலும், கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே, உள்ளே என்னென்ன கோப்புகள், ஒவ்வொன்றும் என்ன அளவு, எந்தத் தேதி என்ற பட்டியல் தெரிந்துவிடும். `HomeLoan_Arrears_Notice.pdf` என்ற பெயரைப் படித்தவருக்கு அதற்கு மேல் திறந்து பார்க்க அதிகம் இல்லை. சில வங்கிகளின் தளத்திலிருந்து இறங்கும் கோப்புப் பெயரிலேயே கணக்கு எண்ணின் ஒரு பகுதி இருப்பதும் உண்டு.

இந்தக் காரணத்தால்தான் வங்கி ஆவணங்களுக்கு ஜிப்பைவிட `7z` என்னும் வடிவம் ஏற்றது. ரஷ்ய நிரலாளர் இகோர் பாவ்லோவ் 1999 முதல் உருவாக்கிவரும் செவன்-ஜிப் என்ற இலவச நிரலின் சொந்த வடிவம் இது. இதில் ஏ.ஈ.எஸ். பூட்டு மட்டுமே உண்டு. தவறுதலாகப் பழைய பூட்டைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே இல்லை. பெயர்ப்பட்டியலையும் சேர்த்துப் பூட்டலாம். கடவுச்சொல்லை ஊகிப்பவரைத் தாமதப்படுத்தவும் இதில் ஏற்பாடு இருக்கிறது. தட்டிய கடவுச்சொல் அப்படியே சாவியாவதில்லை. அதை 5,24,288 முறை தொடர்ந்து அரைத்த பிறகே சாவி பிறக்கிறது. உரியவர் திறக்கும்போது அந்த அரைப்பு ஒரே ஒரு தடவை, கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் முடிந்துவிடும். கோடிக்கணக்கான சொற்களை முயன்று பார்க்க வேண்டியவருக்கோ ஒவ்வொரு முயற்சிக்கும் அந்த அரைப்பை முழுதாகச் செய்தாக வேண்டும். ஏ.ஈ.எஸ். ஜிப்பில் இந்த அரைப்பு 1,000 சுற்று மட்டுமே.

விண்டோஸில் வலது சொடுக்கில் வரும் ஜிப் வசதியில் கடவுச்சொல் இடும் இடமே கிடையாது. எக்ஸ்.பி. காலத்தில் இருந்தது, பிறகு நீக்கிவிட்டார்கள். மேக் கணினியின் டெர்மினலில் `zip -e` என்ற கட்டளை கடவுச்சொல் கேட்கும்; ஆனால் அது போடுவது பழைய `ZipCrypto` பூட்டு. ஆகவே இரண்டிலும் தனி நிரல் தேவை. விண்டோஸுக்கு செவன்-ஜிப், மேக்குக்குக் கேக்கா, ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு இஸட்ஆர்க்கைவர் ஆகியவை கடவுச்சொல்லோடு `7z` கோப்பை உருவாக்கித் தரும்.

ஒரு குடும்பத்தின் மூன்றாண்டு ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்துக்கொண்டால் செயல்முறை தெளிவாகும். மாதம் ஒன்றுக்கு மூன்று பக்கம் என்று வைத்தால் 36 மாதத்துக்கு 108 பக்கம். 200 டி.பி.ஐ. துல்லியத்தில் கறுப்பு வெள்ளைச் சாயலில் ஸ்கேன் செய்தால் எழுத்துகள் தெளிவாகவே இருக்கும். பக்கத்துக்கு ஏறக்குறைய 400 கிலோபைட் என்றால் மொத்தம் 43 மெகாபைட் வரும். தொகுப்பாக்கிய பிறகும் கிட்டத்தட்ட இதே அளவுதான் இருக்கும். ஸ்கேன் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் மேலும் சுருங்காது. அளவு குறையவில்லையே என்று எதையோ தவறாகச் செய்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. ஜிமெயில் இணைப்பின் வரம்பு 25 மெகாபைட்; அதைத் தாண்டுவதால் இது டிரைவுக்குத்தான் போக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அதன்மேல் வலது சொடுக்கி, 7-Zip என்ற வரியில் `Add to archive...` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் இந்த வரி `Show more options` என்பதற்குள் ஒளிந்திருக்கலாம். திறக்கும் பெட்டியின் இடப்பக்கத்தில் `Archive format` என்ற இடத்தில் `7z` இருக்க வேண்டும். வலப்பக்கத்தின் கீழே கடவுச்சொல்லை இரண்டு முறை தட்டும் கட்டங்கள் இருக்கும். அவற்றுக்குக் கீழே `Encrypt file names` என்ற சிறு கட்டம் உண்டு. தானாக அதில் குறி விழுவதில்லை, கையால்தான் இட வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பெறுபவர் கேட்டுக்கொண்டதற்காக `zip` வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கட்டமே காணாமல் போகும். `Encryption method` என்ற இடமும் தானாக `ZipCrypto`-வில் நிற்கும். அதை `AES-256` என்று மாற்றினால்தான் பூட்டுக்கு அர்த்தம் உண்டு. மேலே உள்ள கட்டத்தில் தொகுப்புக்கு ஒரு பெயர் கேட்கும். உள்ளே இருக்கும் பெயர்களை மறைத்துவிட்டு வெளியே வங்கியின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்பதில் பயனில்லை. `kudumbam-03.7z` போன்ற சப்பென்ற பெயர் போதும்.

கட்டளை வரியில் வேலை செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இதையே இப்படிச் செய்யலாம்:

```
7z a -t7z -mhe=on -p kudumbam-03.7z D:\Scan
7z l -slt kudumbam-03.7z
```

முதல் வரியில் `-mhe=on` என்பது பெயர்ப்பட்டியலைப் பூட்டுவது. `-p` என்பதை ஒட்டிக் கடவுச்சொல்லை எழுதாமல் விட்டால் நிரலே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒட்டி எழுதினால் அது கட்டளை வரலாற்றில் தங்கிவிடும். மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தும் எவருக்கும் தெரியும். இரண்டாவது வரி, போட்ட பூட்டு எது என்று காட்டும். பட்டியலில் `Method` என்ற வரியில் `7zAES:19` என்று இருந்தால் சரியான பூட்டு. அந்த 19 என்பது அரைக்கும் சுற்றுகளைக் குறிப்பது. 2-ஐ 19 முறை பெருக்கினால் மேலே சொன்ன 5,24,288 வரும். வேறு யாரோ அனுப்பிய ஜிப் கோப்பிலும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். அங்கே `ZipCrypto` என்று தெரிந்தால் அதைப் பூட்டாத கோப்பாகவே கருதி, திறந்து, மறுபடியும் பூட்டுவது நல்லது.

இவ்வளவும் சரியாகச் செய்தபின் பாக்கி இருப்பது கடவுச்சொல். பெரும்பாலான தொகுப்புகள் உடைவது இங்கேதான். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. வங்கிகளும் அரசுத் துறைகளும் அனுப்பும் பி.டி.எஃப். கோப்புகள் ஒரு குறிப்பிட்ட பாணிக் கடவுச்சொல்லுக்கு எல்லாரையும் பழக்கிவிட்டன. இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். வருமான வரித் துறையின் ஆவணங்களுக்குப் பான் எண்ணும் பிறந்த தேதியும். சில வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டுக்குப் பெயரின் நான்கு எழுத்தும் பிறந்த நாள், மாதமும். தபாலில் வரும் கோப்பை வழியில் ஒருவர் எதேச்சையாகத் திறந்துவிடாமல் தடுப்பதற்கு ஏற்பட்ட ஏற்பாடு அது. பத்தாண்டு டிரைவில் கிடக்கப்போகும் தொகுப்புக்கு அதையே போடுவதுதான் தவறு.

கணக்கு எளிது. ஒருவரின் பெயர் தெரிந்தால், நான்கு எழுத்தோடு நாளும் மாதமும் சேர்ந்த கடவுச்சொல்லுக்கு 366 வாய்ப்புகள்தான் உண்டு. இ-ஆதார் பாணியில் ஆண்டு மட்டும் என்றால் நூறைத் தாண்டாது. பிறந்த தேதியை எட்டு இலக்கமாக எழுதினால், 18 வயது முதல் 90 வயது வரையான எல்லாருக்கும் சேர்த்து ஏறக்குறைய 26,300 தேதிகள். வினாடிக்கு ஆயிரம் கடவுச்சொல்லை முயலும் சாதாரண வேகத்தில்கூட அது அரை நிமிட வேலை. 5,24,288 சுற்று அரைத்தாலும், முயல வேண்டிய எண்ணிக்கையே இவ்வளவு குறைவாக இருக்கும்போது அந்தத் தாமதம் உதவாது. பிள்ளையின் பெயருக்குப் பின்னால் `@123` சேர்ப்பதும், வண்டி எண்ணைப் போடுவதும் இதே வகைதான். ஊகிக்கும் நிரல்களின் முதல் பட்டியலிலேயே இந்த வால்கள் எல்லாம் இருக்கும்.

நல்ல கடவுச்சொல்லுக்குப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கப்படும் வழி, 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் வகுத்த தாயக்கட்டை முறை. 7,776 சாதாரணச் சொற்கள் கொண்ட பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண் இருக்கும். ஆறு முகக் கட்டையை ஐந்து முறை உருட்டினால் ஓர் எண், அதாவது ஒரு சொல், கிடைக்கும். இப்படி ஐந்து சொற்களை எடுத்து இடையில் கோடிட்டுக் கோத்தால் `lantern-gravel-otter-spoon-violet` போன்ற ஒன்று வரும். அச்சில் வந்துவிட்டதால் இந்த உதாரணத்தை யாரும் பயன்படுத்தக்கூடாது. ஐந்து சொற்களுக்கான மொத்த வாய்ப்பு, 7,776-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் எண். வினாடிக்குப் பத்து லட்சம் கடவுச்சொல்லை முயலும் எந்திரம் இருந்தாலும் அத்தனையையும் முயன்று முடிக்க ஒன்பது லட்சம் ஆண்டுகள் ஆகும். சொற்களைக் கட்டையோ நிரலோ தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். மனிதர் தேர்ந்தெடுத்தால் குலதெய்வமும் சொந்த ஊரும் பிடித்த நடிகரும் வந்து நிற்பார்கள், கணக்கு குலைந்துவிடும்.

தமிழ் எழுத்திலேயே கடவுச்சொல் வைத்தால் வெளிநாட்டுத் திருடருக்குப் புரியாதே என்ற எண்ணம் சிலருக்கு வரலாம். அதில் ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. 'கொடி' என்ற சொல்லின் முதல் எழுத்தைக் கணினி இரண்டு விதமாக எழுதி வைக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். கடவுச்சொல் சோதிக்கும் நிரலுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். இன்று ஒரு விசைப்பலகையில் தட்டிப் பூட்டியதை, நாலு ஆண்டு கழித்து வேறு கைப்பேசியில் வேறு விசைப்பலகையில் தட்டும்போது திறக்காமல் போகலாம். ஜிப் வடிவத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஆங்கில எழுத்து, எண், குறிகளைத் தவிர வேறெதையும் அங்கே செவன்-ஜிப் நிரலே ஏற்பதில்லை. ஆங்கில எழுத்துகளில் தமிழ்ச் சொற்களைத் தட்டுவதில் தவறில்லை. ஆனால் `puzhudhi`-யா `puluthi`-யா என்ற எழுத்துக்கூட்டல் குழப்பத்தை நினைவில் கொண்டு, தட்டியபடியே தாளில் எழுதி வைக்க வேண்டும்.

தாளில் எழுதுவது என்றதும் திடுக்கிட வேண்டியதில்லை. டிரைவுக்குள் நுழையும் திருடர் வீட்டு பீரோவைத் திறக்கப் போவதில்லை. எழுதிய தாளை நிலப்பத்திரம் இருக்கும் இடத்தில் வைப்பது முற்றிலும் பாதுகாப்பானது. குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பூட்டியவர் திடீரென்று இல்லாமல் போனால், காப்பீட்டுக்கும் நாமினி விண்ணப்பத்துக்கும் வேண்டிய ஆவணங்கள் எல்லாம் அந்தத் தொகுப்புக்குள்தான் இருக்கும். கடவுச்சொல் மேலாளர் நிரலில் சேமிப்பதும் நல்ல வழிதான், ஒரு நிபந்தனையோடு. தொகுப்பு கூகுள் டிரைவில் இருந்து, அதன் கடவுச்சொல்லும் அதே கூகுள் கணக்கின் கடவுச்சொல் பெட்டகத்தில் இருந்தால், கணக்கு பறிபோகும் அன்று இரண்டும் சேர்ந்தே போகும். கூகுள் கீப்பில் குறிப்பாக எழுதுவதும், தனக்குத்தானே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வதும் இதே தவறுதான்.

தொகுப்பு பலமாகப் பூட்டப்பட்ட பிறகும், பூட்டாத பிரதிகள் வேறு எங்கெல்லாம் கிடக்கின்றன என்று தேடுவது தனி வேலை. வீட்டில் பெரும்பாலும் ஸ்கேனர் கிடையாது. கைப்பேசிக் கேமராதான் ஸ்கேனர். படம் எடுத்த சில நிமிடங்களிலேயே கூகுள் ஃபோட்டோஸ் அதைத் தானாக மேலே ஏற்றிவிட்டிருக்கும். தொகுப்பை அரும்பாடுபட்டுப் பூட்டி ஏற்றும் அதே கணக்கில், அதே ஸ்டேட்மென்ட் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே அப்படியே திறந்து கிடக்கும். ஆவணங்களைப் படமெடுப்பதற்கு முன் தானியங்கிப் பிரதியை நிறுத்திவைப்பதே இதற்குச் சரியான வழி. சில ஸ்கேன் செயலிகளும் எடுத்ததைத் தம் சொந்தச் சேமிப்பிடத்துக்கு அனுப்பிவிடும். அவற்றின் அமைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கணினிக்கு மாற்றுவதற்காக வாட்ஸ்ஆப்பில் தனக்கே அனுப்பிய பிரதி, மின்னஞ்சலின் 'அனுப்பியவை' பகுதி, கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் ஆகியவையும் பட்டியலில் சேரும். அழித்த பிறகும் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாளும், ஃபோட்டோஸின் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரையும் கோப்பு இருக்கும். அங்கிருந்தும் கையால் நீக்கினால்தான் முழுதாகப் போகும்.

தொகுப்பைத் திறந்து படிக்கும்போதும் ஒரு பிரதி உருவாகிறது. செவன்-ஜிப் சாளரத்தில் உள்ளே இருக்கும் பி.டி.எஃப்-ஐ இரட்டைச் சொடுக்கினால், நிரல் அதை விண்டோஸின் தற்காலிக ஃபோல்டரில் அவிழ்த்துக் காட்டும், மூடியதும் நீக்கிவிடும். நடுவில் மின்சாரம் போனாலோ கணினி தொங்கிவிட்டாலோ அந்தப் பிரதி அங்கேயே தங்கும். ஓடுபொறியில் `%TEMP%` என்று தட்டினால் அந்த இடம் திறக்கும். `7z` என்று தொடங்கும் ஃபோல்டர்கள் மிச்சமிருந்தால் அழிக்கலாம். இந்தக் காரணத்துக்காகவே பிரவுசிங் சென்டர் கணினியிலோ அலுவலகப் பொதுக் கணினியிலோ இந்தத் தொகுப்பைத் திறப்பது கூடாது. அங்கே தட்டுவதைப் பதிவு செய்யும் வேவு நிரல் இருந்தால், ஐந்து சொல்லும் அதோடு போய்விடும். எந்த மறையாக்கமும் அதைத் தடுக்காது.

இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கடவுச்சீட்டு, கடன் விண்ணப்பம் போன்றவற்றுக்கான தளங்கள் பி.டி.எஃப். அல்லது படத்தைத்தான் கேட்கும். பூட்டிய தொகுப்பை ஏற்காது. அங்கே ஏற்றும் ஆவணத்தின் பாதுகாப்பு அந்தத் தளத்தின் பொறுப்பு. மாதாமாதம் புதிய ஸ்டேட்மென்ட் சேர்ப்பவருக்கும் தொகுப்பு கொஞ்சம் தொல்லைதான். ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் மறுபடி ஏற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒரு தொகுப்பு என்று பிரித்துக்கொண்டால் நடப்பு ஆண்டுடையது மட்டும் மாறும். கணக்காளருக்கு அனுப்பும்போது தனித் தொகுப்பு, தனிக் கடவுச்சொல் வைப்பதே முறை. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லலாம். அதே மின்னஞ்சலின் அடியில் 'கடவுச்சொல் இது' என்று எழுதி அனுப்பும் வழக்கம் அலுவலகங்களில்கூடப் பரவலாக இருப்பது வருத்தத்துக்குரியது.

கடைசியாக, திறக்காமல் போகும் ஆபத்து. மறந்த கடவுச்சொல்லை மீட்டுத்தர எந்த நிறுவனத்துக்கும் வழி கிடையாது. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்ற பொத்தான் இங்கே இல்லை. கோப்பு சேதமடைந்தாலும் கடவுச்சொல் தவறானாலும் செவன்-ஜிப் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் முறையிடும்: `Data error in encrypted file. Wrong password?` என்று அந்த வரி கேள்வியாகவே நிற்கும், எது காரணம் என்று சொல்லாது. பாதியில் நின்ற கோப்பும் திறக்காது. ஆகவே ஏற்றி முடித்ததும், டிரைவிலிருந்து அதை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ இறக்கி, தாளில் எழுதியதைப் பார்த்துக் கடவுச்சொல்லைத் தட்டி, நடுவில் உள்ள ஏதாவது ஒரு மாதத்து ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பெயர்ப்பட்டியல் தெரிவதற்கு முன்பே கடவுச்சொல் கேட்டால் பெயர்களும் பூட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். பென் டிரைவில் இன்னொரு பிரதியும் இருக்கட்டும். இந்தச் சோதனை முடியும்வரை, அசல் ஸ்கேன்களில் ஒன்றைக்கூட அழிக்க வேண்டாம்.